பிழை திருத்தும் புதிய முறை: பெற்றோருக்கு அனுப்பவிருக்கும் கடிதம், பார்த்துச் சொல்லுங்கள்

மலைப்பாதை டீச்சர்

வணக்கம். ஹற்றனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். திருத்திக் கொடுக்கும் பயிற்சித்தாள்களைப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். தன் புள்ளியைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவனின் புள்ளியைப் பார்ப்பார்கள், பிறகு தாள் புத்தகப்பையின் அடிக்குப் போய்விடும். நான் போட்ட புள்ளடிகளை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. அதனால் அடுத்த வாரத்திலிருந்து ஒரு மாற்றம் செய்கிறேன். பெற்றோருக்கு அனுப்ப எழுதிய கடிதம் இது. தோட்டத்து வீடுகளில் இதை வாசிக்கும்போது எங்கே இடறும் என்று சொல்லுங்கள்.

> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> உங்கள் பிள்ளை திங்கட்கிழமை வகுப்பில் எழுதும் கணிதப் பயிற்சித்தாளைப் புதன்கிழமை திருப்பிக் கொடுப்பேன். அதில் புள்ளி இருக்காது. பிழையான வினாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் மட்டும் இருக்கும். எந்த வரியில் பிழை என்று நான் காட்டமாட்டேன். அதைத் தேடுவது பிள்ளையின் வேலை.
>
> தாளின் நடுவில் ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் பிள்ளை முதலில் செய்தது. அதை அழிக்கவோ வெட்டவோ கூடாது. வலப்பக்கத்தில் பிழை தொடங்கிய வரி எது, அந்த வரியில் தான் என்ன நினைத்தேன் என்று பிள்ளை எழுத வேண்டும். பிறகு அந்த வரியிலிருந்து மீண்டும் செய்து, கிடைத்த விடையை முதல் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்க வேண்டும்.
>
> உதாரணம்: 5 − 2(x − 3) = 3 என்ற வினாவுக்கு ஒரு பிள்ளை 5 − 2x − 6 = 3 என்று எழுதி, x = −2 என்று முடித்திருக்கிறது. −2ஐ முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 3 வராது, 15 வரும். ஆகவே எங்கோ பிழை. அடைப்பை நீக்கிய வரியில் −6 அல்ல, +6 வரவேண்டும். அங்கிருந்து செய்தால் 11 − 2x = 3, x = 4. பிரதியிட்டால் 5 − 2 × 1 = 3, சரி.
>
> வெள்ளிக்கிழமை அதே வகையான புதிய வினா ஒன்றை வகுப்பில் கொடுப்பேன். அதற்குத்தான் புள்ளி.
>
> நீங்கள் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ‘எந்த வரியில்?’, ‘அங்கே என்ன நினைத்தாய்?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். கேட்டபின் தாளின் அடியில் கையொப்பம் இடுங்கள்.

லிந்துலை அம்மா

டீச்சர், புள்ளியே போடமாட்டீர்கள் என்றால் தவணை அறிக்கையில் என்ன எழுதுவீர்கள்? என் மகனும் தரம் 8தான், வேறு பாடசாலை. புள்ளி இல்லாத தாளைக் கொண்டுவந்தால் அவன் படித்தானா படிக்கவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுபது என்றால் சந்தோஷம், முப்பது என்றால் ஏச்சு. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்று. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். காலையில் பிரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வர மாலையாகிவிடும். அவனிடம் ‘எந்த வரியில்’ என்று கேட்டு, அவன் ஏதோ ஒரு வரியைக் காட்டினால், சரியா பிழையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்சுவடி

கடிதம் நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம் சொல்கிறேன்.

ஒன்று, வெள்ளிக்கிழமையும் புள்ளி வேண்டாம். ருத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலியப் பாடசாலைகளில் இதைக் கணிதத் தாள்களை வைத்தே நிரூபித்துவிட்டார். ஒரு குழுவுக்குப் புள்ளி மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் புள்ளியைப் பார்த்துவிட்டுக் குறிப்பைக் கவனிக்கவில்லை.

இரண்டு, ‘என்ன நினைத்தேன்’ என்று எழுதச் சொல்வது வீண்வேலை. எங்கள் காலத்தில் சரியான செய்கையைப் பத்துத் தடவை எழுத வைத்தார்கள். கை பழகினால் மனமும் பழகும்.

பத்தனைப் பழையவர்

நான் கணிதத்துக்குச் சேவைக்கால ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். மலையகத்தின் பல பாடசாலைகளில் கொப்பி பார்த்திருக்கிறேன்.

முதலில் லிந்துலை அம்மாவுக்கு. தவணைப் பரீட்சையை டீச்சர் தொடவில்லை, அம்மா. வாரத் தாளில் புள்ளி இரண்டு நாள் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். கடிதத்தில் அது தெளிவாக இல்லாததால்தான் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்தது. டீச்சர், அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். ‘புள்ளி இருக்காது’ என்று வாசித்ததும் பெற்றோர் மீதியை வாசிக்கமாட்டார்கள்.

எண்சுவடி, பட்லரின் ஆய்வு உண்மை. முடிவும் ஏறக்குறைய நீங்கள் சொன்னதுதான். ஆனால் அங்கே கொடுத்தது கணிதத் தாள் அல்ல. எழுத்துகளிலிருந்து சொற்களை ஆக்குவதும், ஒரு வினாவுக்குப் பல விடைகளைத் தேடுவதுமான பணிகள். ‘நிரூபித்துவிட்டார்’ என்று சொல்லி எங்கள் எட்டாம் தரத்து அட்சரகணிதத்தின் மேல் அப்படியே வைக்கக் கூடாது. டீச்சர் செய்வதற்கு, அதாவது திருத்தம் முடியும்வரை புள்ளியைத் தள்ளிவைப்பதற்கு, அது ஓரளவு துணை நிற்கும். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

பத்துத் தடவை எழுதுவதில் பாதி நியாயம் உண்டு. பழக்கம் வேண்டும். ஆனால் ஒரே கணக்கைப் பத்துத் தடவை எழுதும் பிள்ளை இரண்டாம் தடவைக்குப் பிறகு கணக்குச் செய்வதில்லை, எழுத்தைத்தான் பிரதி செய்கிறது. பத்து வேறு கணக்குகள் என்றால் நான் உங்கள் பக்கம்.

இனி டீச்சரின் கடிதம். ‘என்ன நினைத்தேன்’ என்ற இடத்தில் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவார்கள். அது விடை அல்ல, தப்பிக்கும் வழி. உங்கள் உதாரணத்தையே எடுப்போம். 5 − 2(x − 3) என்பதை 5 − 2x − 6 என்று எழுதிய பிள்ளை என்ன நினைத்தது? இரண்டு வேறு நினைப்புகள் இதே வரியைத் தரும்.

ஒரு பிள்ளை நினைக்கிறது: அடைப்புக்குள் இருக்கும் குறி அப்படியே வெளியே வரும். உள்ளே சய இருக்கிறது, ஆகவே சய 6. வெளியே இருக்கும் சயக் குறி xஐ மட்டும் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பிள்ளைக்கு அடைப்பு நீக்கத் தெரியும். சய இரண்டை இரண்டு உறுப்புகளாலும் பெருக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் சயவைச் சயவால் பெருக்கினால் சய என்று நினைக்கிறது. அதுவும் −6 என்றுதான் எழுதும்.

இந்த ஒரு வினாவைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் தாளில் 9 − 4(x + 1) = 1 போன்ற ஒன்றும் இருக்க வேண்டும். முதற்பிள்ளை உள்ளே இருக்கும் சகக் குறியை அப்படியே வெளியே கொண்டுவந்து 9 − 4x + 4 என்று எழுதும். அதற்கு x = 3 வரும். இரண்டாம் பிள்ளை 9 − 4x − 4 என்று சரியாக எழுதி x = 1 என்று முடிக்கும். முதற்பிள்ளைக்கு இரண்டு வினாவும் பிழை, இரண்டாம் பிள்ளைக்கு ஒன்று சரி. புள்ளியைப் பார்த்தால் இரண்டாவது கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை, அவ்வளவுதான் தெரியும். உண்மையில் இருவருக்கும் வேண்டிய பாடமே வேறு. ஒருவருக்கு அடைப்பு, மற்றவருக்குத் திசைகொண்ட எண்கள்.

மலைப்பாதை டீச்சர்

சேர், சென்ற தவணையின் தாள்கள் என்னிடம் இருந்தன. அடைப்பு உள்ள வினாக்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இரண்டு வகையும் இருக்கின்றன. ஒரு மாணவி வெளியேயும் உள்ளேயும் சய இருந்த எல்லா இடத்திலும் பிழை, உள்ளே சக இருந்த எல்லா இடத்திலும் சரி. அவள் பக்கத்து மேசைப் பையன் வெளியே சய இருந்த எல்லா இடத்திலும் பிழை. ஆனால் 4 + 2(x − 3) = 8 மட்டும் சரி, அதில் x = 5 என்று சரியாக எழுதியிருக்கிறான். குறியை அப்படியே இறக்கினாலும் அங்கே விடை சரியாகத்தான் வரும். இருவருக்கும் நான் போட்ட குறிப்பு ஒன்றே: ‘அடைப்பைக் கவனி’.

மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. −2x − 6 என்று எழுதியிருக்கிறது, ஆனால் அடுத்த வரியில் x = 4 என்ற சரியான விடை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

கொட்டகலை கரும்பலகை

நானும் கணித ஆசிரியன்தான். மன்னிக்கவும், இதெல்லாம் பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்புக்குச் சரிவரும். எனக்கு மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பதுக்குக் கிட்ட. திங்கட்கிழமைத் தாளைப் பார்க்க வேண்டும், திருத்தத்தைப் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமைத் தாளைப் பார்க்க வேண்டும். தாளுக்கு மூன்று தடவை. போட்டோப் பிரதிக்கு யார் காசு கொடுப்பது? இடையில் விளையாட்டுப்போட்டி, கலைவிழா, அடைமழை பெய்து பாதி வகுப்பு வராத நாட்கள்.

நடக்கப்போவதைச் சொல்லட்டுமா? இடைவேளையில் முதலாம் பிள்ளையின் தாள் வகுப்பைச் சுற்றிவரும். எல்லோருடைய வலப்பக்கமும் அழகாக இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள்.

மலைப்பாதை டீச்சர்

அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் திருத்தத்துக்குப் புள்ளி இல்லை, வெள்ளிக்கிழமை வினாவுக்குப் புள்ளி.

வேலை குறைய இரண்டு வழி யோசித்திருக்கிறேன். ஒரு பிள்ளை ஆறு வினா பிழைவிட்டிருந்தாலும் திருத்த வேண்டியது ஒன்றுதான். எது என்று நான் தெரிவுசெய்து வட்டமிடுவேன். மற்றவற்றுக்குப் புள்ளடி போட்டுவிடுவேன். ஆறையும் திருத்தச் சொன்னால் ஒன்றையும் யோசிக்கமாட்டார்கள்.

மற்றது வெள்ளிக்கிழமை வினா. போட்டோப் பிரதி வேண்டாம், கரும்பலகையில் இரண்டு எழுதுவேன். ஒரு வரிசைக்கு 10 − 3(x − 1) = 4, பக்கத்து வரிசைக்கு 8 − 5(x − 1) = 3. முதலாவதற்குச் சரியான விடை 3. பழைய பிழையை மறுபடியும் விட்டால் 1 வரும். இரண்டாவதற்குச் சரியானது 2, பழைய பிழைக்கு 0. ஆகவே நான் செய்கை முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. விடையைப் பார்த்ததும் யார் தேறினார்கள், யார் அதே இடத்தில் நிற்கிறார்கள், யார் பக்கத்து வரிசையைப் பார்த்து எழுதினார்கள் என்று பிரித்துவிடலாம். 1, 0 என்று எழுதியவர்களின் செய்கையை மட்டும் உட்கார்ந்து வாசிப்பேன். பிழையான வழியிலும் முழுவெண் வருமாறு எண்களை வேண்டுமென்றே தேர்ந்தேன். பின்னம் வந்தால் ‘எங்கோ பிழை’ என்று பிள்ளை மோப்பம் பிடித்துவிடும், நினைப்பு மாறாமலே விடையை மாற்றிவிடும்.

கொட்டகலை கரும்பலகை

வெள்ளிக்கிழமை வினா யோசனை நல்லது, அதை எடுத்துக்கொள்கிறேன். கையொப்பம், கடிதம், வலப்பக்கம் எல்லாவற்றையும் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை.

தலவாக்கலைக் கடைக்காரர்

நான் ஆசிரியன் இல்லை, கொப்பி, பேனை விற்கிறவன். என் மகளுக்கு இந்த அடைப்புக் கணக்கு ஏறவேயில்லை. ‘சயவும் சயவும் பெருக்கினால் சக’ என்று பாட்டுப்போல் சொல்லுவாள், கணக்கில் விட்டுவிடுவாள். ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னேன்: உன்னிடம் 500 ரூபா. ஒரு கொப்பியின் விலை x, அதில் 10 ரூபா கழிவு. இரண்டு கொப்பி வாங்குகிறாய். மிச்சம் 500 − 2(x − 10). இப்போது கழிவைப் பார்க்காமல் முழுவிலையைக் கொடுத்துவிட்டாய் என்று வை, கையில் 500 − 2x. கடைக்காரன் கழிவைத் திருப்பித் தரவேண்டும் அல்லவா, எவ்வளவு? ‘20 ரூபா’ என்றாள். கூட்டுவாயா கழிப்பாயா? ‘கூட்டத்தான், காசு என் கைக்குத்தானே வருகிறது’ என்றாள்.

500 − 2x + 20. பிறகு அவள் அந்தப் பாட்டைச் சொல்லவில்லை. டீச்சருக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தனைப் பழையவர்

முதலாளி, நீங்கள் கடையை விட்டுவிட்டு வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். டீச்சர், அந்த இரண்டு வகைப் பிள்ளைக்கும் இது உதவும். ஏன் சக வருகிறது என்பது இதில் தெரிகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கடைக் கதையில் சரியாகச் சொல்லும் பிள்ளை வெறும் 5 − 2(x − 3) வந்ததும் பழைய வழிக்கே திரும்பும். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் ‘கழிவு 3, இரண்டு கொப்பி’ என்று தானே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சில தாள்களுக்குப் பிறகு அது தானாக உதிர்ந்துவிடும்.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அதைத் தடைசெய்ய வேண்டாம், உண்மையான கவனக்குறைவும் உண்டு. அது எப்படித் தெரியும் என்றால், அதே வகை வினா அதே தாளில் வேறொரு இடத்தில் சரியாக இருக்கும். பிள்ளை தன் தாளிலேயே அந்த இடத்தைக் காட்டினால் ‘கவனக்குறைவு’ என்று எழுதலாம் என்று விதி வையுங்கள். காட்ட முடியாவிட்டால் அது வேறு ஏதோ.

பண்டாரவளைப் பையன்

இந்த இழையை வாசித்தபோது எனக்கு என் அழிறப்பர்தான் நினைவுக்கு வந்தது. சாதாரண தரம் வரைக்கும் பென்சிலால்தான் கணக்குச் செய்வேன். தாள் கைக்கு வந்ததும் பிழையை அழித்துவிட்டு, டியூஷன் சேர் செய்ததை அதன் மேல் எழுதுவேன். கொப்பியைத் திறந்தால் பிழையே இருக்காது. பரீட்சைக்கு முன் திருப்பிப் பார்க்கும்போது எல்லாம் எனக்குத் தெரியும் என்றே தோன்றும். அட்சரகணிதத்தில் எங்கே விழுகிறேன் என்று காட்ட ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

அதனால் ‘அழிக்கக் கூடாது’ என்ற வரிக்கு என் முழு ஆதரவு. கையொப்பத்துக்கு ஆதரவு இல்லை. என் அம்மா அப்போது குவைத்தில், அப்பா கொழும்பில். கையொப்பம் என்று எது வந்தாலும் அக்காதான் போடுவாள். அவளுக்கு அம்மாவின் கையெழுத்து அம்மாவைவிட நன்றாக வரும். கையொப்பம் கேட்டால் கையொப்பம்தான் வரும், டீச்சர். இரண்டு கேள்வி கேட்டார்களா என்று அது சொல்லாது.

எண்சுவடி

கையொப்பம் இல்லாவிட்டால் பெற்றோர் தாளைத் தொடவே மாட்டார்கள். ஏதோ ஒரு கட்டாயம் வேண்டும்.

லிந்துலை அம்மா

தம்பி சொன்னது உண்மை. எங்கள் லயத்தில் நான்கு வீட்டில் பாட்டிதான் பிள்ளைகளைப் பார்க்கிறாள். கைநாட்டு வைக்கவா சொல்வீர்கள்?

என் மகனின் தாளை நேற்று வாங்கிப் பார்த்தேன். நீங்கள் எழுதும் x கணக்கெல்லாம் அவனுக்குப் பரவாயில்லை. வசனமாக வரும் கணக்கில்தான் வெறுமையாக விட்டிருக்கிறான். ‘ஒருத்தி மூன்று முறை கொழுந்து நிறுத்தாள், ஒவ்வொரு முறையும் சாக்குக்கு 1 கிலோ கழித்தார்கள், மொத்தம் 27 கிலோ எழுதினார்கள், கழிக்குமுன் எவ்வளவு’ என்று ஒரு கணக்கு. அதை நான் செய்துவிட்டேன், 30. தினமும் பார்க்கிற விஷயம்தானே. அவன் 28 என்று பென்சிலால் எழுதி, பிறகு அதையும் அழித்திருக்கிறான்.

பத்தனைப் பழையவர்

அம்மா, ‘எப்படிக் கண்டுபிடிப்பது’ என்று முதலில் கேட்டீர்கள். இப்போது நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வசனக் கணக்குக்கு நியூமன் என்ற அவுஸ்திரேலிய ஆசிரியர் 1977இல் ஒரு கேள்வி வரிசை கொடுத்தார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்து, வினாவை வாசி என்று கேட்பது. என்ன கேட்கிறார்கள் என்று சொல் என்பது. எப்படிச் செய்யப்போகிறாய் என்பது. செய்து காட்டு என்பது. கடைசியில், விடையை எழுது என்பது. பிள்ளை எந்தக் கேள்வியில் நிற்கிறதோ அங்கேதான் பிழை. இதில் முதல் இரண்டையும் கேட்கக் கணிதம் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். உங்கள் மகன் 28 என்று எழுதியது, ‘ஒவ்வொரு முறையும்’ என்ற சொல்லைத் தாண்டி ‘1 கிலோ’வை மட்டும் பிடித்துக்கொண்டதாக இருக்கலாம். வாசிக்கச் சொல்லிவிட்டு, ‘எத்தனை தடவை கழித்தார்கள்’ என்று நீங்கள் கேட்கக் கூடாது. அது விடையைச் சொல்வதாகிவிடும். ‘என்ன நடந்தது, உன் வாயால் சொல்’ என்று மட்டும் கேளுங்கள்.

லிந்துலை அம்மா

கேட்டேன். ‘மூன்று தரம் நிறுத்தாள், ஒரு கிலோ வெட்டினார்கள்’ என்றான். ‘அப்புறம்?’ என்றேன். திரும்பவும் வாசித்தான். ‘ஓ, ஒவ்வொரு தரமுமா’ என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்படி எல்லா நாளும் பொறுமையாகக் கேட்க எனக்கு முடியுமா என்று தெரியவில்லை, சேர். கால் வலியோடு வந்து சோறு வைக்கிற நேரம் அது.

மலைப்பாதை டீச்சர்

எல்லா நாளும் வேண்டாம் அம்மா, புதன் இரவு மட்டும். அதையும் கடிதத்தில் எழுதிவிடுகிறேன். மாற்றிய பகுதிகள் இவை:

> வாரப் பயிற்சித்தாளுக்கான புள்ளி வெள்ளிக்கிழமை கிடைக்கும். தவணைப் பரீட்சையிலும் அறிக்கையிலும் எந்த மாற்றமும் இல்லை.
>
> தாளில் ஒரு வினாவுக்கு மட்டும் வட்டமிட்டிருப்பேன். பிள்ளை திருத்த வேண்டியது அதை மட்டுமே. வேறு பிழைகள் இருந்தால் அதற்காக ஏச வேண்டாம். அவற்றை வகுப்பில் பார்த்துக்கொள்வேன்.
>
> புதன்கிழமை இரவு வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது, அம்மாவோ அப்பாவோ பாட்டியோ அக்காவோ, பிள்ளையை வட்டமிட்ட வினாவை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே பிழை தொடங்கியது, அங்கே என்ன நினைத்தாய் என்று கேளுங்கள். பிள்ளை சொல்வது சரியா என்று நீங்கள் பார்க்கத் தேவையில்லை. சரியான விடையைச் சொல்ல வேண்டாம், டியூஷனில் செய்து வாங்கி வரவும் விடவேண்டாம்.
>
> கையொப்பம் தேவையில்லை. கேட்டவர் யார் என்று பிள்ளையே தாளின் அடியில் எழுதட்டும்.

சேர், வகுப்பில் பாதிக்கு மேல் ஒரே வினாவில் பிழைவிட்டால் அதற்கு வட்டம் போடவா?

பத்தனைப் பழையவர்

வேண்டாம். அது பிள்ளைகளின் பிழை அல்ல, பாடம் இறங்கவில்லை என்பதற்கு அடையாளம். வீட்டுக்கு அனுப்பாமல் வியாழக்கிழமை நீங்கள் மறுபடி படிப்பியுங்கள். வட்டம் என்பது பிள்ளை தானே கண்டுபிடிக்கக்கூடிய பிழைக்கு மட்டும். அதனால்தான் எந்த வினாவுக்கு வட்டம் என்பது முழுக்க உங்கள் கண்ணில் இருக்கிறது. இதைக் கடிதத்தால் செய்யமுடியாது.

கொட்டகலை கரும்பலகை

சரி, ஒன்றுமே எழுதாத பிள்ளைக்கு? லிந்துலை அம்மாவின் மகன் 28ஐயாவது எழுதி அழித்தான். என் வகுப்பில் பின்வரிசையில் சிலர் வினா இலக்கத்தைப் போட்டுவிட்டுத் தாளை அப்படியே தருவார்கள். பிழையே இல்லை, எதைத் திருத்துவது? பிழை எழுதினால் வீட்டில் கேள்வி வரும் என்று தெரிந்தால், இப்போது எழுதுகிறவனும் நாளைக்கு வெறுமையாக விடுவான்.

பத்தனைப் பழையவர்

அது நல்ல கேள்வி. நான் சில இடங்களில் முதல் இரண்டு வரியை நானே வலப்பக்கத்தில் எழுதி, அதில் ஒரு பிழையை வைத்துக் கொடுத்திருக்கிறேன். தன் பிழை இல்லை என்றதும் தைரியமாகத் தேடுவார்கள். சிலருக்கு வேலை செய்தது, சிலர் அதையும் அப்படியே திருப்பித் தந்தார்கள்.

மலைப்பாதை டீச்சர்

பின்வரிசைக்கு அதையே முதலில் செய்துபார்க்கிறேன். அவர்களின் பெற்றோருக்கு இதே கடிதத்தை அனுப்புவதா, வேறொன்று எழுதுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அப்படி எழுதிய யாராவது இருந்தால் இங்கே போடுங்கள்.